நான்கு எண்கள் நகர்த்தும் வளைகோடு

f(x) = x³ − 3x என்பது அடக்கமான ஒரு முப்படிப் பல்லுறுப்புக்கோவை. இதன் வரைபடத்தைக் கட்டத்தாளில் வரைய ஐந்து புள்ளிகள் போதும்: (−2, −2), (−1, 2), (0, 0), (1, −2), (2, 2). வளைகோடு இடப்பக்கம் கீழிருந்து ஏறி வந்து (−1, 2) என்ற இடத்தில் முகட்டைத் தொடும். அங்கிருந்து ஆதிப்புள்ளி வழியாக இறங்கி (1, −2) என்ற பள்ளத்துக்குப் போய், மீண்டும் மேலேறி வலப்பக்கம் உயர்ந்துகொண்டே செல்லும். முகடும் பள்ளமும் ஆதியின் இரு பக்கமும் சம தூரத்தில் இருப்பதால் இந்த வடிவம் மனத்தில் எளிதில் பதியும்.

இன்னொரு பல்லுறுப்புக்கோவை y = −4x³ + 36x² − 105x + 100. இதைப் பார்த்த மாத்திரத்தில் வரைபடம் எப்படி இருக்கும் என்று சொல்வது கடினம். மதிப்பு அட்டவணை போட்டால், x = 0 என்பதற்கு 100, x = 1 என்பதற்கு 27, x = 5 என்பதற்கு −25 என்று எண்கள் தாறுமாறாக ஓடும். வளைகோட்டின் சுவையான பகுதி x = 2 முதல் x = 4 வரையுள்ள குறுகிய இடைவெளியில் ஒளிந்திருப்பதை அந்த அட்டவணை காட்டிக்கொடுக்காது. ஆனால் இதே கோவையை

y = −½ f(2(x − 3)) + 1

என்றும் எழுதலாம். இங்கே f என்பது மேலே பார்த்த அதே x³ − 3x. இப்படி எழுதிய கணமே, புதிய வரைபடம் பழைய வளைகோட்டை நகர்த்தியும் அழுத்தியும் கவிழ்த்தும் கிடைத்தது என்பது வெளிப்படுகிறது. இவ்வாறு எழுதும் முறைக்கு உருமாற்ற வடிவம் என்று பெயர். அதன் பொது அமைப்பு y = a·f(k(x − d)) + c. சில நூல்கள் இந்த நான்கு எண்களுக்கும் வேறு எழுத்துகளைச் சூட்டும். எந்த எழுத்து என்பதைவிட எந்த இடத்தில் நிற்கிறது என்பதே முக்கியம். f-இன் அடைப்புக்கு வெளியே நிற்கும் a, c இரண்டும் உயரத்தை ஆள்கின்றன. உள்ளே நிற்கும் k, d இரண்டும் இட, வலத் திசையை ஆள்கின்றன. இந்தப் பிரிவினை மனத்தில் உறுதியானால் மீதியைப் படிப்படியாகத் தொடரலாம்.

முதலில் வெளியே உள்ளவை. f(x) என்பது ஒவ்வொரு x-க்கும் வளைகோடு நிற்கும் உயரம். அந்த உயரத்துடன் c-யைக் கூட்டினால் எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு மேலே போகும். C குறை எண்ணானால் கீழே இறங்கும். f(x) + 1 என்றால் முகடு (−1, 3)-க்கும் பள்ளம் (1, −1)-க்கும் வந்துவிடும். வடிவத்தில் எந்த மாற்றமும் இராது.

ஆனால் x-அச்சை வெட்டும் இடங்கள், அதாவது பூச்சியங்கள், மாறிவிடும். வெறும் இடமாற்றத்தோடு இது நிற்பதில்லை, அவற்றின் எண்ணிக்கையே மாறக்கூடும். f-க்குப் பூச்சியங்கள் மூன்று: 0-உம், கூட்டல், கழித்தல் இரு குறிகளுடனும் √3-உம். வளைகோட்டை 2 அலகு மேலே ஏற்றினால் பள்ளத்தின் அடி x-அச்சைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அப்போது அச்சைச் சந்திக்கும் இடங்கள் இரண்டே. இன்னும் சற்று ஏற்றினால் பள்ளம் அச்சை விட்டு மேலே போய்விடும். வெட்டும் இடம் ஒன்றுதான் மிஞ்சும். ஒரே வடிவம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து மூலங்களின் எண்ணிக்கை மூன்று, இரண்டு, ஒன்று என்று மாறுவதை இந்த ஒரு நகர்வு அப்படியே கண்முன் நிறுத்துகிறது. கோவையைக் காரணிப்படுத்திப் பார்ப்பதில் இந்தத் தெளிவு கிடைக்காது.

a என்ற எண் உயரத்தைப் பெருக்குகிறது. a = 3 என்றால் 2 அலகு உயரமிருந்த முகடு 6 அலகாகும்; a = ½ என்றால் 1 அலகாகத் தாழும். x-அச்சின் மேலுள்ள புள்ளிகளின் உயரம் பூச்சியம். பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியமே என்பதால் அவை இருந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. எனவே நிலைக்குத்து நீட்சியில் வளைகோடு x-அச்சில் கட்டுண்டு நின்றபடி மேலும் கீழும் இழுபடுகிறது. a குறை எண்ணானால் ஒவ்வோர் உயரமும் எதிர்க்குறி பெறும். வரைபடம் x-அச்சில் பிரதிபலித்து முகடு பள்ளமாகவும் பள்ளம் முகடாகவும் மாறும். a = −½ என்பதில் இரண்டு செயல்கள் சேர்ந்திருக்கின்றன: பாதி உயரத்துக்கு அழுத்துவது, பிறகு கவிழ்ப்பது. இந்த இரண்டில் எதை முதலில் செய்தாலும் விடை ஒன்றே.

a-யையும் c-யையும் ஒன்றாகப் பயன்படுத்தும்போது மட்டும் வரிசை முக்கியம். −½ f(x) + 1 என்பதில் பெருக்கல் முதலில், கூட்டல் பிறகு. முதலில் ஒன்று கூட்டி அதன்பின் −½ ஆல் பெருக்கினால், கூட்டிய ஒன்றும் சேர்ந்து பெருக்கப்பட்டு −½ ஆகிவிடும். வளைகோடு மேலே 1 அலகு போகவேண்டிய இடத்தில் கீழே அரை அலகு இறங்கி நிற்கும். எண் கணிதத்தில் கூட்டலுக்கு முன் பெருக்கல் என்று பழகிய முறையே இங்கும் பொருந்துவதால், வெளியே உள்ள பகுதியில் பெரும்பாலோர் தவறுவதில்லை.

தடுமாற்றம் எல்லாம் அடைப்புக்குள்தான். f(x − 3) என்பதில் கழித்தல் குறி இருக்கிறது. வளைகோடோ வலப்பக்கம், அதாவது கூட்டல் திசையில், 3 அலகு நகர்கிறது. f(2x) என்பதில் இரண்டால் பெருக்கல் இருக்கிறது. வளைகோடோ அகலத்தில் பாதியாகச் சுருங்குகிறது. உள்ளே எழுதியிருப்பதற்கு நேர் எதிராக எல்லாம் நடப்பதாகத் தோன்றும். இதை ஒரு விதியாக மனப்பாடம் செய்தவர்கள் தேர்வு அறையில் குறியை மாற்றிவிடுவது மிகச் சாதாரணம். காரணத்தைப் பிடித்துக்கொண்டால் மனப்பாடம் தேவைப்படாது.

மூன்று மணி நேரம் தாமதமாகப் புறப்பட்ட ரயிலை எண்ணிப் பார்க்கலாம். அட்டவணைப்படி அது x மணிக்கு இருக்கவேண்டிய இடம் f(x). இன்று இரவு 8 மணிக்கு அது எங்கே இருக்கும் என்று கேட்டால், அட்டவணையில் 5 மணிக்கு எதிரே எழுதியுள்ள இடத்தைப் பார்க்கவேண்டும். அதாவது இன்றைய இடம் f(x − 3). பயணம் முழுவதும் மூன்று மணி நேரம் பின்னால் தள்ளிப்போயிருக்கிறது. கடிகார அச்சில் பின்னால் என்பது வலப்பக்கம். கழித்தல் குறி, அட்டவணையில் எந்த நேரத்தைத் தேடவேண்டும் என்று சொல்கிறது. நகர்வது பயணம், அதன் திசை எதிர்ப்பக்கம்.

இதையே வளைகோட்டுக்குச் சொல்வதானால்: f-இன் முகடு, f-க்குள் −1 என்ற எண் நுழையும்போது கிடைக்கிறது. f(x − 3) என்பதிலும் முகடு வேண்டுமானால் உள்ளே −1 தான் நுழையவேண்டும். x − 3 = −1 ஆகவேண்டும் என்பதால் x = 2. முகடு −1 என்ற இடத்திலிருந்து 2 என்ற இடத்துக்கு, மூன்று அலகு வலப்பக்கம் வந்துவிட்டது. f(2x) என்பதில் 2x = −1 ஆகவேண்டும்; x = −½. முகடு y-அச்சை நோக்கிப் பாதித் தூரம் நெருங்கிவிட்டது. பள்ளத்துக்கும் இதே கணக்கு. அது 1-லிருந்து ½-க்கு வரும். ஆகவே k = 2 என்றால் அகலம் பாதி, k = ⅓ என்றால் அகலம் மூன்று மடங்கு. உயரம் எதுவும் மாறாது. Y-அச்சின் மேலுள்ள புள்ளி அசையாது. k குறை எண்ணானால் இடமும் வலமும் இடம் மாறி, வளைகோடு y-அச்சில் பிரதிபலிக்கும்.

இனி k-யும் d-யும் சேர்ந்து வரும் நிலை. இங்குதான் உருமாற்ற வடிவத்தின் மிகப் பெரிய பொறி இருக்கிறது. மேலே எடுத்த கோவை பாடநூல் கேள்வியில் பெரும்பாலும் y = −½ f(2x − 6) + 1 என்றே தோன்றும். அதைப் பார்த்தவுடன் "அகலம் பாதி, பிறகு வலப்பக்கம் 6" என்று படித்துவிடுவார்கள். அது தவறு. வலப்பக்க நகர்வு 3 தான். f-க்குள் பூச்சியம் நுழைய வேண்டுமானால் 2x − 6 = 0, x = 3. எனவே வளைகோட்டின் நடுப்புள்ளி x = 3-இல் நிற்கும். இதனால்தான் உருமாற்ற வடிவம் k-யை வெளியே எடுத்து 2(x − 3) என்று எழுதச் சொல்கிறது. அப்படி எழுதிய பிறகே d என்ற எண் உண்மையான நகர்வைச் சொல்லும்.

6 என்ற எண் முழுப் பொய்யும் அல்ல. முதலில் வலப்பக்கம் 6 நகர்த்தி, அதன் பிறகு y-அச்சை நோக்கிப் பாதியாகச் சுருக்கினால் சரியான விடை வரும். 6-இல் நின்ற நடுப்புள்ளி சுருங்கும்போது 3-க்கு வந்துவிடும். சுருக்கிய பிறகு 6 நகர்த்துவதே பிழை. இந்த வரிசைக்கும் காரணம் உண்டு. 2x − 6 என்பதில் x முதலில் இரண்டால் பெருகுகிறது, பிறகு 6 குறைகிறது. உள்ளே நுழைந்த எண்ணிலிருந்து x-ஐ மீட்க, கடைசியில் நடந்ததை முதலில் அவிழ்க்கவேண்டும்: முதலில் 6 கூட்டுவது, பிறகு பாதியாக்குவது. உள்ளே எல்லாம் எதிராக நடக்கும் என்பது திசைக்கு மட்டுமன்றி வரிசைக்கும் பொருந்துகிறது.

கிடைத்திசைச் செயல்கள் உயரத்தைத் தொடுவதில்லை, நிலைக்குத்துச் செயல்கள் இட, வலத்தைத் தொடுவதில்லை. அதனால் இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டுக்கொள்ளலாம். அடிப்படை வளைகோட்டில் ஒரு புள்ளி (x, y) என்றால், புதிய வளைகோட்டில் அதன் இடம்

(x/k + d, a·y + c)

இந்த ஒரு வரி போதும். எடுத்துக்கொண்ட கோவைக்கு k = 2, d = 3, a = −½, c = 1. எனவே ஒவ்வொரு புள்ளியின் x-ஐயும் பாதியாக்கி 3 கூட்டவேண்டும். Y-ஐ −½ ஆல் பெருக்கி 1 கூட்டவேண்டும். முதல் புள்ளி (−2, −2): −2-இன் பாதி −1, அதோடு 3 சேர 2; உயரம் −½ × −2 = 1, அதோடு 1 சேர 2. ஆக அது (2, 2)-க்குப் போகிறது. முகடாக இருந்த (−1, 2) இப்போது (2.5, 0) ஆகிப் பள்ளமாகிறது. ஆதிப்புள்ளி (3, 1)-க்கு வருகிறது. பள்ளமாக இருந்த (1, −2), (3.5, 2) என்ற முகடாகிறது. கடைசிப் புள்ளி (2, 2), (4, 0)-க்கு இறங்குகிறது.

இந்த ஐந்தையும் இணைத்தால் படம் தெளிவாகிவிடும். வளைகோடு இடப்பக்கம் மேலிருந்து இறங்கி வந்து, (2, 2) வழியாக (2.5, 0)-இல் x-அச்சைத் தொட்டுத் திரும்புகிறது. பிறகு (3, 1) வழியாக ஏறி (3.5, 2)-இல் முகட்டை எட்டி, (4, 0)-இல் அச்சை வெட்டிக்கொண்டு கீழே போய்விடுகிறது. முன்பு இடம் கீழ், வலம் மேல் என்று இருந்த போக்கு, a குறை எண்ணானதால் இடம் மேல், வலம் கீழ் என்று ஆகியிருக்கிறது. அச்சை ஓரிடத்தில் தொட்டும் ஓரிடத்தில் வெட்டியும் போவதிலிருந்து, 2.5 என்பது இரட்டை மூலம், 4 என்பது ஒற்றை மூலம் என்று தெரிகிறது. அப்படியானால் −4x³ + 36x² − 105x + 100 என்பதை (2x − 5)²(4 − x) என்று எழுத முடியவேண்டும். பெருக்கிப் பார்த்தால் அப்படியே வருகிறது. காரணிப்படுத்தல் எதுவும் செய்யாமலே படம் காரணிகளைச் சொல்லிவிட்டது.

படித்தது சரியா என்று சோதிக்க ஒரே ஒரு புள்ளி போதும். அதற்கு மிகப் பொருத்தமானது நடுப்புள்ளியான (3, 1). x = 3 என்று மூலக் கோவையில் இட்டால் −108 + 324 − 315 + 100 = 1. சரி. நகர்வை 6 என்று படித்தவருக்கு நடுப்புள்ளி (6, 1) என்று வரும்; ஆனால் x = 6 என்று இட்டால் கோவையின் மதிப்பு −98. பிழை உடனே அம்பலமாகிறது. நீட்சி எண்களையும் சோதிக்க விரும்பினால் இன்னொரு புள்ளியை, நடுவைவிட்டு விலகிய ஒன்றை, எடுக்கவேண்டும். நடுப்புள்ளி a-யும் k-யும் என்னவானாலும் அங்கேயே நிற்கும் என்பதால் அந்த இரண்டு எண்களில் நேர்ந்த பிழையை அது காட்டாது.

பிரதிபலிப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. x³ − 3x என்ற வளைகோட்டை x-அச்சில் கவிழ்த்தாலும் y-அச்சில் கவிழ்த்தாலும் ஒரே வளைகோடு கிடைக்கும். காரணம், x-க்குப் பதில் −x என்று இட்டால் கோவை முழுவதும் குறி மாறுகிறது: f(−x) = −f(x). இத்தகையவை ஒற்றைச் சார்புகள். ஆகவே நமது கோவையை y = ½ f(−2(x − 3)) + 1 என்றும் எழுதலாம்; படம் மாறாது. உருமாற்ற வடிவம் ஒரே ஒரு விதமாகத்தான் எழுதப்படும் என்று நினைப்பவருக்கு இது குழப்பம் தரும். விடைப்பக்கத்தில் வேறு எண்களைக் கண்டு தன் விடை தவறென்று முடிவு செய்துவிடுவார். ஆனால் g(x) = x³ − 3x² என்பதை எடுத்தால் நிலை வேறு. x-அச்சில் கவிழ்த்தால் −x³ + 3x², y-அச்சில் கவிழ்த்தால் −x³ − 3x². இரண்டும் வெவ்வேறு வளைகோடுகள். x⁴ போன்ற இரட்டைப் படிக்கு y-அச்சில் கவிழ்ப்பதே ஒரு மாற்றமும் தராது.

வெறும் அடுக்குச் சார்புகளில் இதே மயக்கம் நீட்சிக்கும் நேர்கிறது. y = [2(x − 1)]³ என்பதில் அகலம் பாதியாகிறது என்று சொல்லலாம். அதையே 8(x − 1)³ என்று எழுதி, உயரம் எட்டு மடங்காகிறது என்றும் சொல்லலாம். வளைகோடு ஒன்றே. x³-க்கு அகல அளவோ உயர அளவோ தனியாக இல்லை. பக்கவாட்டில் நெருக்குவதும் மேலே இழுப்பதும் அதற்கு ஒரே விளைவைத் தரும். முகடும் பள்ளமும் உள்ள x³ − 3x-க்கு அப்படியில்லை. முகட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே கிடைத்தூரம் 2, உயர வேறுபாடு 4. புதிய வளைகோட்டில் கிடைத்தூரம் 1, உயர வேறுபாடு 2. முதல் விகிதம் k-யின் அளவையும் இரண்டாவது விகிதம் a-யின் அளவையும் தனித்தனியே சொல்லிவிடுகின்றன. இவ்வளவு தெளிவாக அளக்க முடிகிறது என்பதற்காகவே, பயிற்சிக்கு x³-ஐவிட x³ − 3x சிறந்த அடிப்படை.

இதுவரை உருமாற்ற வடிவம் கையில் இருந்தது, படம் வரையப்பட்டது. விரிந்த கோவை மட்டும் இருக்கும்போது உருமாற்ற வடிவத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? முப்படிக்கு வழி நேரானது. px³ + qx² + rx + s என்ற கோவையில் நடுப்புள்ளி எப்போதும் x = −q/(3p) என்ற இடத்தில் இருக்கும். நமது கோவைக்கு −36/(−12) = 3. அந்த இடத்தைப் புதிய ஆதியாகக் கொண்டு x = u + 3 என்று எழுதி விரிக்கவேண்டும். u³-இன் கெழு −4. u²-இன் கெழு −36 + 36, அதாவது பூச்சியம். u-வின் கெழு −108 + 216 − 105 = 3. எஞ்சிய எண் 1. ஆக

y = −4u³ + 3u + 1

இருபடி உறுப்பு மறைந்துவிட்டது. ஜெரோலாமோ கார்டானோ 1545-இல் வெளியிட்ட ஆர்ஸ் மாக்னா என்ற நூலில் முப்படிச் சமன்பாடுகளைத் தீர்க்கும்போது இருபடி உறுப்பை இப்படித்தான் நீக்கினார். அவருக்கு அது தீர்வுக்கான ஒரு படி. ஆய அச்சுகளின் மேல் வளைகோடு வரையும் வழக்கம் அப்போது பிறந்திருக்கவில்லை. இன்று பார்க்கும் கண்ணுக்கு, அவர் செய்தது வளைகோட்டின் நடுப்புள்ளியை y-அச்சின் மேல் கொண்டுவந்து நிறுத்தும் கிடைநகர்வு.

அடுத்தது a-யும் k-யும். a·f(ku) என்பதை விரித்தால் ak³u³ − 3aku. இது −4u³ + 3u என்பதோடு பொருந்தவேண்டும். எனவே ak³ = −4, ak = −1. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் k² = 4. k = 2 என்று கொண்டால் a = −½; k = −2 என்று கொண்டால் a = ½. முன்பு பார்த்த இரண்டு வடிவங்களும் இங்கே தாமாகவே வந்து நிற்கின்றன.

எல்லா முப்படிகளும் இப்படி x³ − 3x-இலிருந்து கிடைத்துவிடுமா என்றால், இல்லை. k² கூட்டல் எண்ணாக வரவேண்டும்; அதற்கு u³, u இரண்டின் கெழுக்களும் எதிர்க்குறியில் இருக்கவேண்டும். ஒரே குறியில் இருந்தால் வளைகோட்டில் முகடும் இல்லை, பள்ளமும் இல்லை. அது x³ + x என்ற அடிப்படையிலிருந்து வந்தது. u உறுப்பே இல்லாவிட்டால் அது x³-இலிருந்து வந்தது. விரிந்த கோவையிலேயே இதை முன்கூட்டி அறிய q² − 3pr என்ற எண்ணைப் பார்த்தால் போதும். கூட்டல் எண்ணானால் முதல் வகை, குறை எண்ணானால் இரண்டாவது, பூச்சியமானால் மூன்றாவது. நமது கோவைக்கு 1296 − 1260 = 36. x³ + 3x² + 3x + 5 என்பதற்கு 9 − 9 = 0; அது (x + 1)³ + 4, அதாவது x³-ஐ இடப்பக்கம் 1, மேலே 4 நகர்த்தியது. இப்படி, எண்ணற்ற முப்படி வளைகோடுகள் அனைத்தும் மூன்றே மூன்று அடிப்படை வடிவங்களை நகர்த்தி, நீட்டி, கவிழ்த்துக் கிடைத்தவை. இருபடிக்கு இது இன்னும் சுருக்கம்: எல்லாப் பரவளையங்களும் x² என்ற ஒன்றின் உருமாற்றங்களே.

நான்காம் படிக்குப் போகும்போது இந்த வசதி நின்றுவிடுகிறது. நான்காம் படிக் கோவைக்கு ஐந்து கெழுக்கள். உருமாற்ற வடிவத்தில் திருப்பிப் பார்க்க நான்கே எண்கள். எந்த ஒரு சிறு அடிப்படைப் பட்டியலும் எல்லா வளைகோடுகளையும் எட்டாது. x⁴ − 2x² என்பது y-அச்சுக்கு இரு பக்கமும் சமச்சீரான வளைகோடு. அதன் இரண்டு பள்ளங்களும் −1 என்ற ஒரே உயரத்தில் இருக்கின்றன. அதோடு ஒரு x-ஐ மட்டும் சேர்த்து x⁴ − 2x² + x என்று ஆக்கினால், ஒரு பள்ளம் ஏறத்தாழ −2.06 உயரத்திலும் மற்றது ஏறத்தாழ −0.07 உயரத்திலும் நிற்கும். நகர்த்தினாலும் நீட்டினாலும் கவிழ்த்தாலும் சம உயரத்தில் இருந்த இரண்டு புள்ளிகள் சம உயரத்திலேயே இருக்கும், ஏனெனில் இரண்டின் உயரமும் ஒரே a-யால் பெருக்கப்பட்டு ஒரே c-யைப் பெறுகின்றன. ஆகவே முதல் வளைகோட்டிலிருந்து இரண்டாவதற்கு a, k, d, c எதைக்கொண்டும் போகமுடியாது; அதற்கு வேறோர் அடிப்படைச் சார்பு தேவை.